சாயும் கோலின் அடி எப்போது வழுக்கும்?

ஒரு மீட்டர் நீளமுள்ள மரக்கோலைத் தரையில் செங்குத்தாக நிறுத்தி, மேலே பிடித்திருக்கும் விரலை மெல்ல எடுத்துவிடுங்கள். கோல் கொஞ்சம் தயங்கும், ஒரு பக்கம் சாயத் தொடங்கும், பிறகு சட்டென்று வேகம் பிடித்துத் தரையில் விழும். பார்ப்பவர் கண் எப்போதும் மேல் நுனியின் பின்னாலேயே போகும். இந்த அத்தியாயத்தில் அடி நுனியைப் பார்க்கப்போகிறோம்.

வழவழப்பான டைல்ஸ் தரையில் விட்டால், கோல் கொஞ்சம் சாய்ந்ததுமே அடி பின்பக்கமாக ஓடும். சொரசொரப்பான சிமென்ட் தரையில், அடியில் ரப்பர் மாட்டி விட்டால், பாதிச் சாய்வு தாண்டும்வரை அடி அசையாது. அதன்பின் முன்பக்கமாக, அதாவது கோல் விழும் பக்கமாகவே, துள்ளிப் போகும். கோலும் சாய்வும் ஒன்றுதான், தரை மட்டும்தான் வேறு. ஆனால் வழுக்கும் திசையே தலைகீழாகிறது. இது ஏன் என்பதும், எந்தக் கோணத்தில் வழுக்கும் என்பதும் ஒரே கணக்கில் கிடைத்துவிடும்.

இனி 'முன்' என்றால் கோல் விழும் பக்கம், 'பின்' என்றால் அதற்கு எதிர்ப்பக்கம். சாய்வுக் கோணம் θ-வைச் செங்குத்திலிருந்து அளக்கிறோம். நிமிர்ந்து நிற்கும்போது அது 0°. கோல் முழுவதும் ஒரே தடிமன், ஒரே மரம் என்று கொள்வோம். நீளம் L, நிறை m.

கணக்கை எங்கே தொடங்குவது

மாணவர்கள் பெரும்பாலும் முதல் வரியிலேயே f = μN என்று எழுதிவிடுகிறார்கள். இந்தக் கணக்கில் அவர்கள் தடுமாறும் முதல் இடம் அதுதான். அடி நிலையாக நிற்கும்வரை உராய்வு விசை μN ஆக இருக்க வேண்டியதில்லை. கோல் எவ்வளவு கேட்கிறதோ அவ்வளவுதான் தரை கொடுக்கும். μN என்பது தரை கொடுக்கக்கூடிய உச்ச அளவு. கோல் கேட்பது அந்த உச்சத்தைத் தொடும் கணத்தில்தான் அடி வழுக்கத் தொடங்குகிறது.

ஆகவே கேள்வியை இப்படித் திருப்பிக்கொள்ளுங்கள். அடி ஒரு கீலில் மாட்டியதுபோல அசையாமல் இருக்கிறது என்று முதலில் வைத்துக்கொள்வோம். அப்படி இருக்க வேண்டுமானால் தரை கிடைமட்டமாக எவ்வளவு தள்ள வேண்டும், செங்குத்தாக எவ்வளவு தாங்க வேண்டும் என்று ஒவ்வொரு கோணத்துக்கும் கண்டுபிடிப்போம். முதல் விசையை இரண்டாவதால் வகுத்தால் வரும் விகிதம்தான் கோல் கேட்கும் உராய்வு. அது எங்கே μ-வைத் தொடுகிறதோ அங்கே நம் கீல் கற்பனை முடிகிறது.

அடியைச் சுற்றி ஒரே தடிமனுள்ள கோலின் நிலைமத் திருப்புத்திறன் mL²/3. ஓய்விலிருந்து சாய்ந்ததால், நிறை மையம் இறங்கிய உயரத்தின் நிலையாற்றல் முழுவதும் சுழற்சி ஆற்றலாகிறது. எடையின் திருப்பு விசையிலிருந்து கோண முடுக்கம் கிடைக்கிறது. இரண்டும் இங்கே:

```
ω² = (3g/L)(1 − cos θ)
α  = (3g/2L) sin θ
```

நிறை மையம் அடியிலிருந்து L/2 தொலைவில், ஒரு வட்ட வில்லில் போகிறது. அதற்கு இரண்டு முடுக்கங்கள் உண்டு. α-வால் வருவது வில்லின் வழியே முன்னும் கீழுமாக இழுக்கும். ω²-ஆல் வருவது மையநோக்கு முடுக்கம். அது கோலின் வழியே அடியை நோக்கி, அதாவது பின்னும் கீழுமாக இழுக்கும். கிடைமட்டத்தில் இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் இருக்கின்றன என்பதை நினைவில் வையுங்கள். திசை மாறும் ரகசியம் முழுவதும் இதில்தான் இருக்கிறது.

கிடைமட்டத்தில் கோலைத் தள்ளும் விசை உராய்வு ஒன்றுதான். எனவே நிறை மையத்தின் கிடைமட்ட முடுக்கத்தை m-ஆல் பெருக்கினால் அதுவே f. செங்குத்தில் எடையும் தரையின் எதிர்விசை N-உம் இருக்கின்றன. எழுதிச் சுருக்கினால்:

```
f = (3/4) mg sin θ (3 cos θ − 2)
N = (1/4) mg (3 cos θ − 1)²
```

சுருக்கும்போது எங்காவது பிழை செய்தோமா என்று பார்க்க ஒரு சுலப வழி உண்டு. θ = 0 என்று போடுங்கள். f = 0, N = mg வர வேண்டும்; வருகிறது. θ = 90° என்று போட்டால் N = mg/4 வர வேண்டும். ஒரு முனையில் கீல் போட்ட கோல் கிடைமட்ட நிலையைக் கடக்கும்போது கீல் தாங்கும் எடை அதுதான். அந்தக் கணக்கை நீங்கள் தனியாகவே செய்திருப்பீர்கள். இரண்டும் பொருந்தினால் தைரியமாக மேலே போகலாம்.

இப்போது விகிதம்:

```
f/N = 3 sin θ (3 cos θ − 2) / (3 cos θ − 1)²
```

இதில் m இல்லை, L இல்லை, g-கூட இல்லை. அரை அடிக் குச்சியானாலும் ஆறடிக் கழியானாலும், தரையும் அடியும் ஒன்றாக இருந்தால், ஒரே கோணத்தில்தான் வழுக்கும். நெட்டைக் கோல் மெதுவாக விழும், குட்டைக் குச்சி விரைவாக விழும். நேரம்தான் மாறும், கோணம் மாறாது.

எண்களாகப் பார்ப்போம்

சூத்திரத்தை வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தால் ஒன்றும் பிடிபடாது. சில கோணங்களைப் போட்டுப் பார்க்க வேண்டும். f, N இரண்டையும் எடையின் பங்காகக் கொடுத்திருக்கிறேன்.

| சாய்வு | f/mg | N/mg | f/N |
|---|---|---|---|
| 10° | 0.124 | 0.955 | 0.130 |
| 20° | 0.210 | 0.827 | 0.254 |
| 30° | 0.224 | 0.638 | 0.351 |
| 35.1° | 0.196 | 0.529 | 0.371 |
| 40° | 0.144 | 0.421 | 0.341 |
| 48.2° | 0 | 0.250 | 0 |
| 52° | −0.090 | 0.179 | −0.504 |
| 55° | −0.172 | 0.130 | −1.321 |

முதலில் N-ஐப் பாருங்கள். கோல் 35° சாய்வதற்குள் தரை தாங்கும் விசை பாதியாகிவிட்டது, 48°-இல் கால்பங்குதான். கோல் வேகமாகக் கீழே இறங்கிக்கொண்டிருப்பதால் தரைமேல் அதன் அழுத்தம் குறைகிறது. N = mg என்று வைத்துக் கணக்குப் போட்டவர்களுக்கு விடை தப்புவது இதனால்தான். உராய்வின் கேட்பு 27° அருகில் உச்சம் தொட்டு இறங்கத் தொடங்கினாலும், தரையின் கொடுக்கும் சக்தி அதைவிட வேகமாகக் குறைகிறது. அதனால் விகிதம் அதன்பின்னும் ஏறிக்கொண்டே போய், 35.1°-இல்தான் உச்சம் தொடுகிறது.

அந்த உச்சத்தைத் துல்லியமாகவும் கண்டுபிடிக்கலாம். விகிதத்தை வகையிட்டுச் சுழிக்குச் சமப்படுத்தினால், பயமுறுத்தும் முப்படிக் கோவைகள் எல்லாம் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய், 11 cos θ = 9 என்ற ஒரே வரி மிஞ்சும். cos θ = 9/11, θ = 35.1°, விகிதம் 0.371. இவ்வளவு எளிய விடை வரும் என்று தொடங்கும்போது யாரும் எதிர்பார்ப்பதில்லை. ஒருமுறையாவது கையால் வகையிட்டுப் பாருங்கள்.

இந்த 0.371-தான் வரம்பு. μ இதைவிடக் குறைவாக இருந்தால், விகிதம் ஏறும் வழியிலேயே μ-வைத் தொட்டுவிடும். அப்போது உராய்வு முன்பக்கம் தள்ளிக்கொண்டிருக்கிறது; அது போதாமல் போவதால் அடி பின்பக்கம் வழுக்கும். உராய்வே இல்லாத தரையை நினைத்துக்கொண்டால் இது இன்னும் தெளிவாகும். அங்கே நிறை மையம் நேராகக் கீழே இறங்கும், மேல் நுனி முன்னே போகும், அடி பின்னே போகும். குறைந்த உராய்வுள்ள தரை அந்த நிலைக்குப் பக்கத்தில் இருக்கிறது.

μ 0.371-ஐவிட அதிகமாக இருந்தால், அந்த மேட்டைக் கோல் வழுக்காமல் தாண்டிவிடும். பிறகு கேட்பு குறைந்துகொண்டே வந்து 48.2°-இல், அதாவது cos θ = 2/3 ஆகும்போது, உராய்வே தேவைப்படாது. அதன்பின் குறி மாறுகிறது. வேகம் கூடக்கூட மையநோக்கு முடுக்கம் மேலோங்கி, நிறை மையத்தைப் பின்னோக்கி இழுக்க வேண்டியிருக்கிறது. அந்த இழுப்பைத் தரைதான் தர வேண்டும். தர முடியாமல் போகும்போது அடி முன்பக்கம் பாயும்.

தரை எவ்வளவு சொரசொரப்பாக இருந்தாலும் இது நடந்தே தீரும். 70.5°-இல், cos θ = 1/3 ஆகும்போது, N சுழியாகிறது. ஆனால் அப்போதும் கோல் எடையில் 0.71 பங்கு அளவுக்குக் கிடைமட்ட விசை கேட்கிறது. தாங்கும் விசையே இல்லாத இடத்தில் உராய்வு எங்கிருந்து வரும்? ஆகவே 70.5°-க்கு முன்பே அடி கட்டாயம் வழுக்கியிருக்க வேண்டும். N-இன் சூத்திரம் ஒரு வர்க்கம் என்பதையும் கவனியுங்கள். அது ஒருபோதும் குறை எண்ணாகாது. அதனால் 'N சுழிக்குக் கீழே போனால்தான் அடி பிரியும், அப்படிப் போகவில்லை, ஆகவே அடி நிற்கும்' என்று சிலர் முடிவு கட்டுகிறார்கள். தாங்கும் விசையை மட்டும் பார்த்து உராய்வை மறந்ததால் வரும் தவறு அது.

ஒரு கோல், இரண்டு தரை

இப்போது செய்து பார்க்கலாம். முதலில் μ வேண்டும். கோலின் மரத்திலேயே ஒரு சிறு துண்டு அறுத்து, அறுத்த முனை கீழே படும்படி, தரையில் போட்ட அதே ரகத்து மிச்ச டைல்ஸ்மேல் வையுங்கள். துண்டின் உயரம் அதன் அகலத்தைவிடக் குறைவாக இருக்கட்டும். இல்லாவிட்டால் வழுக்குவதற்குமுன் கவிழ்ந்துவிடும். டைல்ஸின் ஒரு ஓரத்தை மெல்லத் தூக்குங்கள். துண்டு நகரத் தொடங்கும் சரிவுக் கோணத்தின் டேன்ஜென்ட்தான் μ. ஐந்தாறு முறை செய்து சராசரி எடுங்கள். ஒருமுறை அளந்ததை நம்ப வேண்டாம்.

நம் வரம்பு 0.371-க்கு ஒத்த சரிவு 20.3°. 60 செ.மீ. டைல்ஸ் என்றால், ஓரம் 21 செ.மீ. உயர்வதற்குள் துண்டு நழுவிவிட்டால் அந்தத் தரையில் கோலின் அடி பின்னே போகும். அதைத் தாண்டியும் நின்றால் முன்னே போகும். கால்குலேட்டர் எடுக்காமலேயே திசையைச் சொல்லிவிடலாம்.

மரத்துண்டு 14° சரிவில் நழுவுகிறது என்று வைத்துக்கொள்வோம். tan 14° = 0.249. அட்டவணையில் 20°-க்கு 0.254 இருக்கிறது, எனவே விடை அதற்குக் கொஞ்சம் முன்னால். 19.6° என்று போட்டுப் பார்த்தால் விகிதம் 0.249 வருகிறது. ஆக, கோல் 19.6° சாய்ந்ததும் அடி பின்பக்கம் வழுக்கும்.

அதே கோலின் அடியில் ரப்பர் மூடி மாட்டி, சிமென்ட் தரைக்கு வருவோம். ரப்பர் ஒட்டிய துண்டு 31°-இல் நழுவுகிறது என்றால் μ = 0.60. இது வரம்பைவிட அதிகம். மேட்டைக் கோல் தாண்டிவிடும். 48.2°-க்குப் பிறகு குறை விகிதம் 0.60 ஆகும் இடத்தைத் தேட வேண்டும். 52°-இல் 0.504, 52.5°-இல் 0.606. ஆகவே அடி 52.5°-இல் முன்பக்கம் வழுக்கும்.

இங்கே ஒன்று கவனிக்கத் தக்கது. μ 0.4 என்றால் வழுக்கும் கோணம் 51.4°; μ 1 என்றாலும் 54°-தான். உராய்வு இரண்டரை மடங்கானாலும் கோணம் மூன்று டிகிரிகூட மாறவில்லை, ஏனென்றால் அந்தப் பகுதியில் விகிதம் செங்குத்துச் சுவர்போல எழுகிறது. ஆகவே சொரசொரப்பான தரையில் வழுக்கும் கோணத்தை அளந்து μ கண்டுபிடிக்க முயலாதீர்கள். அரை டிகிரி பிசகினாலும் விடை எங்கோ போய்விடும். வழவழப்பான தரையில் அந்த முறை நன்றாகவே வேலை செய்யும். இன்னொன்று, 35.1°-க்கும் 51°-க்கும் இடையில் எந்தத் தரையிலும் வழுக்கல் தொடங்குவதில்லை. உங்கள் அளவு 42° என்று வந்தால், கோல் ஓய்விலிருந்து விழவில்லை அல்லது கோணத்தை அளந்ததில் தவறு.

படம் பிடிக்கும்போது

மீட்டர் கோல் 35°-ஐக் கடக்கும்போது நொடிக்குச் சுமார் 130° வேகத்தில் சுழல்கிறது. செல்போனில் வழக்கமான வீடியோ நொடிக்கு 30 படம் எடுக்கும். இரண்டு படங்களுக்கிடையே கோல் 4° நகர்ந்துவிடும். நொடிக்கு 240 படம் எடுக்கும் ஸ்லோ மோஷனில் அது அரை டிகிரிதான். அதைப் பயன்படுத்துங்கள். கேமரா தரையை ஒட்டி, கோல் விழும் தளத்துக்கு நேர்ப்பக்கவாட்டில் இருக்க வேண்டும். அடிக்குப் பக்கத்தில் தரையில் ஒரு சாக்பீஸ் கோடு போட்டுவிட்டால், அடி கோட்டைவிட்டு நகரும் முதல் படத்தைப் பிடிப்பது எளிது.

கோல் எந்தப் பக்கம் விழும் என்று தெரியாவிட்டால் கேமரா வைத்தும் பயனில்லை. பட்டையான மர ஸ்கேல் தட்டைப் பக்கமாகவே விழும். அதனால் உருட்டுக் கழியைவிட அதுவே வசதி. ஆனால் தடித்த கோலானால் அடியின் மையத்தில் சுழலாமல், அடியின் விளிம்பில்தான் சுழலும். அடியைக் கொஞ்சம் கூர்மையாக்கினால் இந்தக் குறை தீரும். அளவுக்கு மீறிக் கூராக்கினால் அது தரையைக் குத்திப் பிடித்துக்கொண்டு வேறு கணக்காகிவிடும்.

தள்ளிவிடக் கூடாது. கொஞ்சம் தள்ளினாலும் ω கூடிவிடும், மையநோக்கு முடுக்கம் முந்திக்கொள்ளும், மேடு தாழ்ந்துவிடும். அதேபோல, கோலை முன்பே சாய்த்துப் பிடித்து ஓய்விலிருந்து விடுவதும் வேறு கணக்குதான். ஒன்றிரண்டு டிகிரி என்றால் பரவாயில்லை. 30°-இல் பிடித்து விட்டால், விட்ட கணத்திலேயே விகிதம் 0.40, நிமிர்விலிருந்து விழுந்து 30°-ஐக் கடக்கும் கோலுக்கு அது 0.351. இரண்டும் ஒன்றல்ல. அப்படிச் சாய்த்து விடுவதானால், தொடக்கக் கோணத்தை θ₀ என்று வைத்து, ω² சூத்திரத்தில் 1-க்குப் பதில் cos θ₀ போட்டு மறுபடி முதலிலிருந்து வாருங்கள்.

வழுக்கத் தொடங்கிய பிறகு இந்தச் சூத்திரங்கள் எதுவும் செல்லாது. அடி இனிக் கீல் இல்லை. ஆற்றலில் ஒரு பகுதி உராய்வில் கரைகிறது. அந்த இடத்திலிருந்து f = μN என்று எழுதலாம், அதுவும் இயக்க உராய்வின் μ-வை வைத்து, அடி நகரும் திசைக்கு எதிராக. அடியைச் சுற்றித் திருப்பு விசை எடுப்பதை விட்டுவிட்டு, நிறை மையத்தைச் சுற்றி எடுக்க வேண்டும்.

எடை எல்லாம் மேலே இருக்கும் கோலுக்கும் 0.371 பொருந்தாது. மெல்லிய கம்பியின் உச்சியில் ஒரு கனத்த குண்டை மாட்டினால், தரையின் விசை கம்பியின் வழியாகவே போகும். விகிதம் வெறும் tan θ ஆகிவிடும். 14° சரிவில் நழுவும் தரையில் அந்தக் கம்பியின் அடி 14° சாய்விலேயே பின்பக்கம் வழுக்கும். அடி முன்பக்கம் வழுக்கும் பேச்சே அங்கே இல்லை. நம் வீட்டு உலக்கை இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. அதன் பூண் ஒரு முனையில் கனம் சேர்ப்பதால், பூண் மேலே இருக்கும்படி விடுவதும் கீழே இருக்கும்படி விடுவதும் ஒரே விடை தராது. போதாக்குறைக்கு, பூண் தரையில் படும்போது உராய்வு இரும்புக்கும் தரைக்கும் இடையிலானது. மரம் படும்போது வேறு.

செய்து பார்க்க உட்காருவதற்குமுன், சரிவுச் சோதனையை முடித்து, வழுக்கும் திசையையும் கோணத்தையும் நோட்டில் எழுதிவிடுங்கள். அதன்பிறகு கோலை விடுங்கள். பத்து முறை விட்டு, பத்தையும் எழுதுங்கள். சரிவு 20° அருகில் வந்த தரையானால் சிலமுறை பின்னும் சிலமுறை முன்னும் வழுக்கும். அவற்றில் எதையும் அடித்துவிடாதீர்கள்.